பி.எஃப். பணம் எப்படிப் பெருகுகிறது? ஒரே வரைபடத்தில் விளக்கும் ஸ்லைடு தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி எடுத்துச் சொல்ல ஸ்லைடு தயாரிக்கும் ஹெச்.ஆர். பிரிவினர், தொழிற்சங்கப் பொறுப்பாளர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோருக்காக எழுதியது. எடுத்துக்காட்டு முழுக்க ஒன்றுதான். ஒருவர் 23 வயதில் வேலைக்குச் சேர்ந்து 58ல் ஓய்வு பெறுகிறார். பி.எஃப். பிடித்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் (பேசிக், டி.ஏ. சேர்த்து) மாதம் 15,000 ரூபாய்.

ஓய்வுக்காலச் சேமிப்புன்னா என்.பி.எஸ்., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இருக்கே. பி.எஃப்.பை மட்டும் ஏன் காட்டணும்?

கேட்க வந்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பது அது ஒன்றுதான். மாதாமாதம் சம்பளச் சீட்டில் கழிகிறது, பாஸ்புக்கில் ஏறுகிறது. தன் கையிலிருக்கும் பணத்தின் கணக்கைக் காட்டினால் கேட்பார்கள். நான்கு திட்டங்களை அடுக்கி ஒப்பிட்டால், யாரோ எதையோ விற்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதோடு, பி.எஃப்.பில் ஒரு தொழிலாளி எடுக்கும் மிகப் பெரிய முடிவு எவ்வளவு போடுவது என்பதல்ல. வேலை மாறும்போது எடுப்பதா, விட்டுவைப்பதா என்பதே. ஒரு நல்ல வரைபடம் அந்த முடிவை மாற்றும்.

என் சம்பளத்துல 12%, கம்பெனி 12%. அப்போ மாசம் 3,600 ரூபாய்னு கணக்குப் போட்டா சரிதானே?

சரியில்லை. நாம் பார்த்த ஸ்லைடுகளில் அதிகம் தென்படும் பிழை இதுதான். தொழிலாளியின் பங்கு 1,800 ரூபாய் முழுதாக அவருடைய பி.எஃப். கணக்குக்குப் போகிறது. நிறுவனத்தின் 1,800 இரண்டாகப் பிரிகிறது. 8.33%, அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்கு (இ.பி.எஸ்.) போய்விடும். மீதி 550 மட்டுமே பி.எஃப்.பில் சேரும். ஆக, வட்டி போட்டு வளர்வது மாதம் 2,350 ரூபாய்.

இ.பி.எஸ்.ஸுக்குப் போன 1,250 வீண் போவதில்லை. ஆனால் அது தனி ஒருவர் கணக்கில் வட்டியோடு வளரும் பணமல்ல. சேவை ஆண்டுகளையும் சம்பளத்தையும் பெருக்கி 70ஆல் வகுத்து மாத ஓய்வூதியமாக வரும். 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 35 ஆண்டுச் சேவை என்றால் அந்தச் சூத்திரப்படி மாதம் 7,500 ரூபாய். இதை வேறு ஸ்லைடில் சொல்லுங்கள், வரைபடத்தில் கலக்காதீர்கள். 3,600 என்று வைத்து வரைந்தால் கடைசித் தொகை 77 லட்சம் என்று காட்டும். உண்மையில் வரக்கூடியது 50 லட்சம். அந்த 27 லட்ச வித்தியாசம் தொழிலாளிக்குத் தெரியவரும் நாளில், நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்பமாட்டார்.

உங்கள் நிறுவனத்துக்கு எந்த எண் பொருந்தும் என்று பார்க்க, யாராவது ஒருவரின் பாஸ்புக்கைத் திறந்தாலே போதும். ஒவ்வொரு மாத வரியிலும் தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று தொகைகள் தனித்தனியே இருக்கும். முதல் இரண்டை மட்டும் கூட்டுங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சேரும்போதே 15,000க்கு மேல் பி.எஃப். சம்பளம் இருந்தவர்களுக்கு இ.பி.எஸ். கிடையாது. அவர்களுக்கு நிறுவனப் பங்கு முழுவதும் பி.எஃப்.பிலேயே சேரும்.

எத்தனை சதவீத வட்டி போட்டு வரையறது?

8%. பி.எஃப். வட்டி ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது, நிலையானதல்ல. 1990களில் 12% தந்தார்கள். 2021-22ல் 8.1% ஆக இறங்கியது. 2023-24க்கும் 2024-25க்கும் 8.25%. அடுத்த 35 ஆண்டுக்கு எவ்வளவு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே நடப்பு விகிதத்தை அப்படியே நீட்டாமல் சற்றுக் கீழே வைப்பது நேர்மை. "7% ஆகிவிட்டால்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலைக் கையில் வைத்திருங்கள்: 50 லட்சத்துக்குப் பதில் 40 லட்சம். ஒரு சதவீதம் குறைந்தால் பத்து லட்சம் குறையும்.

எக்செல்லில் FV போட்டேன், 53.9 லட்சம் வருது. நீங்க சொல்றது 50.4 லட்சம். எங்கே தப்பு?

மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்த்துக் கணக்கிட்டிருப்பீர்கள். பி.எஃப்.பில் வட்டியை ஒவ்வொரு மாத இருப்பையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஆனால் அசலில் சேர்ப்பது ஆண்டு முடிவில் ஒருமுறைதான். அந்த ஆண்டுக்குள் வட்டிக்கு வட்டி இல்லை. மூன்றரை லட்சம் வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு ஆண்டுக்குள் போடும் 12 தவணைகளில் முதல் தவணைக்கு 11 மாத வட்டி, அடுத்ததற்கு 10 மாதம், இப்படியே இறங்கிக் கடைசித் தவணைக்கு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 66 மாத வட்டி. கீழேயுள்ள தாளில் வரும் 66 அதுதான்.

```
G1: 0.08
G2: 2350
A2: 1
A3: =A2+1
B2: =$G$2*12*A2
C2: =$G$2*12+$G$2*66*$G$1/12
C3: =C2*(1+$G$1)+$C$2
D2: =C2-B2
```

A3, C3 ஆகியவற்றையும், B2, D2 ஆகியவற்றையும் 36ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். B என்பது அதுவரை போட்ட பணம், C மொத்த இருப்பு, D அதுவரை சேர்ந்த வட்டி. C2ல் 29,234 வரவேண்டும், C36ல் 50,37,509 வரவேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் நடுவில் பிழை இருக்காது.

கூட்டு வட்டின்னா என்னன்னு விளக்க முதல்ல ஒரு ஸ்லைடு வேண்டாமா?

வேண்டாம். வட்டிக்கு வட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கிய பக்கத்திலிருந்து தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் மாதம் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24% என்று அவர்களே சொல்வார்கள். அதே கணக்கில் பி.எஃப்.பின் 8% என்பது நூற்றுக்கு மாதம் 67 பைசா. வட்டிக்காரரிடம் நாம் கட்டிய கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக ஓடுகிறது, வேகம் மட்டும் குறைவு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வரைபடத்துக்குப் போய்விடுங்கள். சூத்திரத்தைத் திரையில் எழுதினால் பின் வரிசை அந்த இடத்திலேயே கைபேசியை எடுத்துவிடும்.

எந்த மாதிரி வரைபடம் போடணும்?

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை வரைபடம் (எக்செல்லில் Stacked Column). ஆண்டுக்கு ஒரு பட்டை, மொத்தம் 35. ஒவ்வொரு பட்டையின் அடிப்பகுதி அடர்ந்த நிறத்தில் போட்ட பணம் (B), மேல்பகுதி வெளிர் நிறத்தில் வட்டி (D). கோடாக வரைந்தால் பலருக்கு அது பங்குச் சந்தை படம்போல் தெரிகிறது. பட்டை என்றால் "இந்தப் பட்டை உங்கள் 31 வயது" என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கிடை அச்சில் 1, 2, 3 என்று ஆண்டு எண்ணைப் போடாமல் வயதைப் போடுங்கள். முதல் பட்டை 24 வயது, கடைசிப் பட்டை 58. எல்லா வயதையும் எழுதினால் நெருக்கியடிக்கும். 24, 33, 40, 50, 58 போதும். உட்கார்ந்திருப்பவர் தன் வயதைத்தான் முதலில் தேடுவார். தேடும் இடத்தில் அது இருக்கவேண்டும்.

செங்குத்து அச்சு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கவேண்டும், அலகு லட்சமாக இருக்கவேண்டும். எக்செல் தானாக எழுதும் 5,000,000 என்பதை நம்மவர் படிக்க நேரமாகும். B, D இரண்டையும் 1,00,000ஆல் வகுத்த எண்களை வேறு இரு நிரல்களில் வைத்து அவற்றைக் கொண்டு வரைவதே எளிய வழி. நிறத்துக்கு விளக்கப் பெட்டியை ஓரத்தில் தொங்கவிடாமல், "நாம் போட்டது", "வட்டி" என்ற இரண்டு சொற்களையும் பட்டைகளின் மேலேயே எழுதிவிடுங்கள். குறுக்குக் கோடுகள், முப்பரிமாணம், நிழல் எல்லாவற்றையும் நீக்குங்கள். முப்பரிமாணப் பட்டையில் வட்டிப் பகுதி உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அது பொய்யான உதவி.

தலைப்பு "பி.எஃப். வளர்ச்சி" என்று மொட்டையாக இருக்கக்கூடாது. படம் என்ன சொல்கிறதோ அதையே வாக்கியமாக எழுதுங்கள்: "போட்டது 9.87 லட்சம், 58ல் கையில் 50.4 லட்சம்." பட்டைகளின் மேல் எண் எழுதுவது மூன்றே இடங்களில்: 33, 50, 58 வயது.

வரைபடத்தைக் காட்டும்போது என்ன பேசறது?

முழுப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டாதீர்கள். மூன்று சொடுக்கில் வரட்டும்.

முதல் சொடுக்கில் அடிப்பகுதி மட்டும். படிக்கட்டுபோல் சீராக ஏறி 9.87 லட்சத்தில் நிற்கும். "இது நாமும் கம்பெனியும் போட்டது" என்று சொல்லி நிறுத்துங்கள். இரண்டாவது சொடுக்கில் வட்டி மேலே ஏறட்டும். இங்கே அவசரப்படாமல் இடமிருந்து வலமாக நடத்திக்கொண்டு போகவேண்டும். முதல் ஆண்டு வட்டி 1,034 ரூபாய். "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று தோன்றும், அந்த எண்ணத்தை ஒளிக்கவேண்டியதில்லை. 33 வயதில் அந்த ஓர் ஆண்டு வட்டி 30,239 ரூபாய். அந்த ஆண்டு முழுக்கப் போட்ட 28,200ஐ முதல்முறையாகத் தாண்டுகிறது. அன்றிலிருந்து நாம் போடுவதைவிடக் கணக்கு தானே அதிகம் போட்டுக்கொள்கிறது. கடைசி ஆண்டில் வட்டி மட்டும் 3.72 லட்சம், மாதத்துக்கு 31,000 ரூபாய் வீதம்.

பிறகு 50 வயதுப் பட்டையைக் காட்டுங்கள். அங்கே இருப்பு 25.5 லட்சம். 27 ஆண்டு உழைத்துச் சேர்ந்தது பாதி. மறுபாதி கடைசி 8 ஆண்டில் வருகிறது. இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். மூன்றாவது சொடுக்கு இதை நம்பித்தான் இருக்கிறது.

வேலை மாறறப்ப மூணு லட்சத்தை எடுத்துட்டேன். மறுபடி போட்டுக்கிட்டுதானே வர்றேன், அப்படி என்ன குறைஞ்சிடும்?

மூன்றாவது சொடுக்கின் விடை இது. நம் எடுத்துக்காட்டுக்காரர் 31 வயதில், 8 ஆண்டு முடிந்ததும், வேறு நிறுவனத்துக்குப் போகிறார். கணக்கில் 3,10,951 ரூபாய். முழுவதையும் எடுத்துவிட்டு, புதிய இடத்தில் அதே 2,350ஐப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார். 58ல் அவர் கையில் இருப்பது 25.5 லட்சம். எடுக்காமல் மாற்றியிருந்தால் 50.4 லட்சம். எடுத்தது மூன்று லட்சம், இழந்தது ஏறத்தாழ 25 லட்சம்.

ஏன் இப்படி? எடுத்தவுடன் முழு வளைவும் 8 ஆண்டு வலப்புறம் நகர்ந்துவிடுகிறது. 58 வயதில் அவர் நிற்பது, எடுக்காதவர் 50 வயதில் நின்ற இடத்தில். அவர் தவறவிட்டது மெலிந்த முதல் எட்டு ஆண்டுகளை அல்ல, கொழுத்த கடைசி எட்டு ஆண்டுகளை. படத்தில் இதைக் காட்ட இன்னொரு நிரல் போதும்:

```
E10: =C2
```

இதை E36 வரை இழுங்கள். E2 முதல் E9 வரை காலியாக விடுங்கள். வரைபடத்தை Combo வகைக்கு மாற்றி, E நிரலை மட்டும் புள்ளிக்கோடாகப் போடுங்கள் (பட்டைகளைப் போலவே இதையும் லட்சத்தில் வகுத்துக்கொள்ளவேண்டும்). 32 வயதில் தரையை ஒட்டித் தொடங்கி, பட்டைகளின் பாதி உயரத்திலேயே முடியும் கோடு அது. வேறு எந்தக் கோடும் இந்தப் படத்தில் வேண்டாம். பங்குச் சந்தை, தங்கம், வைப்புநிதி என்று ஒப்பீட்டுக் கோடுகளைச் சேர்த்த நிமிடமே பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

எல்லாருக்கும் பாதி போயிடும்னு சொல்லலாமா? சம்பளம் ஏறுமே!

அப்படிப் பொதுவாகச் சொல்லக்கூடாது. பாதி என்பது, பிடித்தம் 35 ஆண்டும் மாறாமல் இருந்தால் வரும் கணக்கு. எவ்வளவு சம்பளம் ஏறினாலும் 15,000 வரம்புக்கு மட்டும் பி.எஃப். கட்டும் நிறுவனங்களில் இது உண்மைக்கு நெருக்கமானது. அந்த வரம்பு 6,500லிருந்து 15,000 ஆனது 2014ல்.

முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் செய்யும் நிறுவனம் என்றால் கதை வேறு. பிந்தைய ஆண்டுகளில் போடும் பணமும் பெரிதாக இருப்பதால், முதல் 8 ஆண்டின் பங்கு சுருங்கும். சம்பளம் ஆண்டுக்கு 5% ஏறுவதாக வைத்தால் கடைசித் தொகை சுமார் 1 கோடியே 12 லட்சம். 31 வயதில் எடுத்தால் இழப்பு சுமார் 31 லட்சம், அதாவது பாதியல்ல, கால்பங்கை விடச் சற்று அதிகம். உங்கள் நிறுவனம் இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற எண்ணை மட்டும் போடுங்கள். சம்பளப் பட்டியல் போடுபவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

35 வருஷம் கழிச்சு 50 லட்சத்துக்கு என்ன மதிப்பு இருக்கப்போகுது?

கேட்கவேண்டிய கேள்வி. கூட்டத்தில் யாரும் கேட்காவிட்டாலும் ஸ்லைடிலேயே பதில் இருக்கவேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்குவது அன்று 552 ரூபாய். அந்த 50.4 லட்சம் இன்றைய விலையில் சுமார் 9 லட்சம்தான்.

இதைக் கேட்டதும் "போட்டதே 9.87 லட்சமாச்சே, அப்போ நஷ்டம்தானே" என்பார்கள். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 9.87 லட்சம் என்பது 35 ஆண்டுகளில் வெவ்வேறு விலைவாசியில் போட்ட ரூபாய்களின் கூட்டல். 2,350 ரூபாய் இன்று சுமையாகத் தெரியலாம், இருபது ஆண்டு கழித்து அது சின்னத் தொகை. போட்டதையும் இன்றைய விலைக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 4.7 லட்சம். 4.7 போட்டு 9 வாங்குகிறோம். பணம் உண்மையில் இரண்டு மடங்காகிறது, ஐந்து மடங்காக அல்ல.

வரைபடத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள்: "விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால், இது இன்றைய 9 லட்சத்துக்குச் சமம்." எழுத்து படிக்கும் அளவில் இருக்கட்டும். நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் ஒளிப்பது மற்ற விளம்பரங்களின் வேலை. இந்த வரியே, பி.எஃப். மட்டும் ஓய்வுக்காலத்துக்குப் போதாது என்பதையும் நீங்கள் சொல்லாமலே சொல்லிவிடும்.

வெளியில மூணு வட்டிக்குக் கடன் இருக்கு. 67 பைசாவுக்குப் பணத்தை அங்கே வெச்சிருக்கறது முட்டாள்தனம் இல்லையா?

மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36%. 8% சம்பாதிக்கும் பணத்தைக் காப்பாற்ற 36% கட்டிக்கொண்டிருப்பது கணக்குப்படி தவறுதான். இதை மறுக்க முயன்றால் உங்கள் வரைபடத்தின் மேல் உள்ள நம்பிக்கையும் போகும். சொல்லவேண்டிய வரிசை இது: முதலில் அந்தக் கடனை வங்கி நகைக்கடன் போன்ற மலிவான கடனாக மாற்ற முடியுமா என்று பார்ப்பது. அதற்கும் வழியில்லை என்றால், பி.எஃப். விதிகள் அனுமதிக்கும் காரணத்துக்கு முன்பணமாக ஒரு பகுதியை எடுப்பது. வேலையை விட்டு முழுக் கணக்கையும் முடிப்பது கடைசி வழி. வட்டிக்கடன் தீரும்வரை, கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட கூடுதலாகப் போடச் சொல்லாதீர்கள்.

கூடுதலா மாசம் 500 போட்டா?

இதை வி.பி.எஃப். என்பார்கள். தொழிலாளி விருப்பப்பட்டுக் கூட்டிக்கொள்ளலாம், அதே வட்டி கிடைக்கும், நிறுவனம் தன் பங்கைக் கூட்டவேண்டியதில்லை. 23 வயதிலிருந்து மாதம் 500 என்றால் 58ல் 10.7 லட்சம். பத்து ஆண்டு தள்ளி 33ல் தொடங்கினால் 4.5 லட்சம். தள்ளிப்போட்டதில் மிச்சமானது 60,000 ரூபாய், குறைந்தது ஆறு லட்சத்துக்கும் மேல். தொழிலாளியின் சொந்தப் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த எல்லைக்கு அருகில்கூட வரமாட்டார்கள்.

எடுக்காதேன்னு சொல்றீங்க, சரி. பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாத்த என்ன செய்யணும்?

வரைபடத்துக்கு அடுத்த ஸ்லைடு இதுவாகவே இருக்கவேண்டும். படத்தைப் பார்த்து மனம் மாறியவருக்குச் செய்யவேண்டிய வேலை உடனே கிடைக்கவேண்டும்.

புதிய நிறுவனத்தில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே தரவேண்டும். புதிதாக இன்னொரு யு.ஏ.என். உருவாக விட்டுவிட்டால் பிறகு இரண்டையும் இணைப்பது அலைச்சல். அடுத்து, உறுப்பினர் இணையதளத்தில் நுழைந்து View என்பதில் Service History பார்த்தால், பழைய நிறுவனத்தை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். பதியாமல் விட்டிருந்தால் மாற்றம் நடக்காது. கடைசிப் பிடித்தம் வந்து இரண்டு மாதம் கழிந்ததும், Manage என்பதில் Mark Exit மூலம் தொழிலாளியே அதைப் பதியலாம். பிறகு Online Services என்பதில் One Member - One EPF Account. விவரங்கள் எல்லாம் பொருந்தினால் பல நேரம் மாற்றம் தானாகவே நடந்துவிடுகிறது. அப்படி நடந்ததா என்று பாஸ்புக்கில் பார்த்துக்கொள்வது அவசியம்.

நம் ஊரில் இது தடைப்படும் முதல் இடம் பெயர். ஆதாரில் "முருகன் எஸ்", பி.எஃப்.பில் "எஸ் முருகன்", பான் அட்டையில் தந்தை பெயர் விரித்து எழுதியது என்று மூன்று விதமாக இருக்கும். இன்ஷியல் முன்னால் பின்னால் இருப்பதே கோரிக்கை திரும்பப் போதுமானது. ஜாயின்ட் டிக்ளரேஷன் வழியாக ஆதாரில் உள்ளபடி பெயரைத் திருத்திக்கொள்ளவேண்டும். இதை வேலையை விடும் முன்பே செய்வது நல்லது. விட்டபிறகு பழைய நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டால், அங்கே தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

வேலையை விட்டதாலேயே பழைய கணக்கில் வட்டி நின்றுவிடும் என்று பலர் பயந்து எடுத்துவிடுகிறார்கள். அப்படி நிற்பதில்லை. மாற்றிக்கொண்டால் இன்னும் இரண்டு நன்மை உண்டு. ஐந்து ஆண்டு தொடர்சேவை ஆகும்முன் எடுத்தால் வரி உண்டு, மாற்றினால் பழைய சேவையும் அந்த ஐந்தில் சேரும். ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுச் சேவையும் அதேபோல் தொடரும்.

மொத்தம் எத்தனை ஸ்லைடு?

ஐந்து. பாஸ்புக்கின் ஒரு வரி, வரைபடம், கணக்கை மாற்றும் படிகள், ஓய்வூதியப் பங்கு, வாரிசு நியமனம். இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் வரைபடத்துக்கு. தொடங்கும் முன் எல்லோரும் தங்கள் இருப்பைக் கைபேசியில் பார்த்துவிடட்டும். பாஸ்புக் திறக்கத் தெரியாதவர்கள், பதிவுசெய்த எண்ணிலிருந்து `EPFOHO UAN TAM` என்று 7738299899க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தமிழில் பதில் வரும்.

வேற கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சுபோகுது. என்ன செய்யறது?

பழைய பாமினி, டாம் வகை எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். யூனிகோடில் `Nirmala UI` அல்லது `Noto Sans Tamil` கொண்டு எழுதுங்கள், காட்டுவதற்குப் பி.டி.எஃப். நகல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சொடுக்குகளையும் மூன்று பக்கங்களாக ஆக்கிவிட்டால் பி.டி.எஃப்.பிலும் அதே வரிசையில் வரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். கருநீலமும் வெளிர் மஞ்சளும் பிரிந்து தெரியும்.

அடுத்த வருஷமும் இதையே காட்டலாமா?

காட்டும் முன் மூன்று எண்களைச் சரிபாருங்கள்: அறிவித்த வட்டி, 15,000 வரம்பு, பணம் எடுக்கும் விதிகள். மூன்றும் மாறக்கூடியவை. வட்டி 8%க்குக் கீழே போயிருந்தால் G1ஐ மாற்றுங்கள், வரம்பு உயர்ந்திருந்தால் பாஸ்புக்கில் முதல் இரண்டு தொகைகளைக் கூட்டி G2ஐ மாற்றுங்கள். படம் தானாக மாறிக்கொள்ளும். தலைப்பு வாக்கியத்திலும், பட்டைகளின் மேலும், அடிக்குறிப்பிலும் கையால் எழுதிய எண்கள் மாறாது. அவற்றை C36ஐப் பார்த்துத் திருத்தவேண்டும்.